தூண் பாலமா, கண் பாலமா, தொங்கு பாலமா: ஒரு மலையோடைக்காகப் போட்ட கணக்கு

கேரளத்தில் ஆரியங்காவுக்குக் கீழே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் நம் ஆட்கள் மூன்று தலைமுறையாக இருக்கும் ஒரு குடியிருப்பு. ஊருக்கும் ரோட்டுக்கும் இடையில் ஓர் ஓடை. இப்போதைக்கு அதன் மேல் இருப்பது ஒரு சப்பாத்து, தாழ்வான தரைப்பாலம்தான். இடவப்பாதி மழை பிடித்தால் சப்பாத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர் போகும். அந்த நாட்களில் பள்ளிக்கூடமும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. பாலம் கேட்டு எழுதிப்போடுவதற்கு முன்னால் எந்த மாதிரிப் பாலம் என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் போட்டார்கள். செங்கோட்டைக்கு இருபுறமும் ரோடு, பாலம் வேலைகளில் சூப்பர்வைசராகக் காலம் தள்ளியவன் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள்.

பலசரக்குக் கடை அண்ணாச்சிதான் முதலில் பேசினார். "தம்பி, புனலூர்ல இருக்குற மாதிரி ஒரு தூக்குப்பாலம் போட்டா போதாதா? ஆத்துக்குள்ள தூணே வேண்டாமே." கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன், கழுதுருட்டி ரயில் பாலம் மாதிரி கல்லில் கண் வைத்துக் கட்டினால் நூறு வருஷம் நிற்கும் என்றான். மரம் ஏற்றுகிற லாரி வைத்திருப்பவர், "ரெண்டு தூணு, மேல காங்கிரீட்டு. எல்லா ஊர்லயும் அதானே போடுறான்?" என்றார்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மலையாளத்தில் தூக்குப்பாலம் என்றால் தொங்கும் பாலம். நமக்குத் தூக்குப்பாலம் என்றால் பாம்பனில் கப்பலுக்கு வழிவிட்டு மேலே எழும்புவது. அண்ணாச்சி சொன்னது தொங்கு பாலம். லாரிக்காரர் சொன்னதை வேலைத்தளத்தில் கர்டர் பாலம் என்போம், உத்திரத்தைக் குறுக்கே போட்டுத் தூணில் உட்கார வைப்பது. பையன் சொன்னது வளைவுப் பாலம், பழைய பேச்சில் கண் பாலம்.

ஒரு விஷயத்தில் நமக்கு வசதி. புனலூரிலிருந்து ஆரியங்காவு வரும் ஒரே வழியில் இந்த மூன்று வகையையும் பார்த்துவிடலாம். புனலூரில் கல்லடை ஆற்றின் மேல் ஆல்பர்ட் ஹென்றி என்ற இன்ஜினியர் 1877-இல் கட்டி முடித்த தொங்கு பாலம், சுமார் 400 அடி. அதற்குப் பக்கத்திலேயே இப்போது பஸ்ஸும் லாரியும் போகும் காங்கிரீட் தூண் பாலம். மேலே வந்தால் கழுதுருட்டியில் மலையாளிகள் 'பதிமூணு கண்ணற' என்று சொல்லும் பதின்மூன்று கண் ரயில் பாலம். அந்த ரயில் பாதை 1904-இல் திறந்தது. யாரும் மூன்றையும் ஒரே மாதிரி கட்டவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணத்தைக் கூட்டத்தில் துணிக்கொடியை வைத்துத்தான் விளக்கினேன். இரண்டு மரத்துக்கு நடுவில் கொடி கட்டி ஈரச்சேலையைப் போடுகிறோம். கொடி நன்றாகத் தொய்ந்திருந்தால் ஆணி தாங்கும். தொய்வே இல்லாமல் விறைப்பாக இழுத்துக் கட்டினால் அதே சேலைக்கு ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். துணியின் எடை மாறவில்லை, தொய்வுதான் மாறியது. தொய்வு பாதியானால் இழுவை இரட்டிப்பு.

பாலத்தின் கணக்கும் இதுவேதான். நீளம் L மீட்டர், மீட்டருக்கு w டன் சுமை என்றால், நடுவில் பாலத்தை வளைக்கப் பார்க்கும் வலிமை wL²/8. எந்தப் பாலமானாலும் இந்த எண்ணிலிருந்து தப்ப முடியாது. நீளம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணை ஏதாவது ஓர் உயரத்தால் வகுத்தால் உள்ளே பிறக்கும் விசை கிடைக்கும். தொங்கு பாலத்தில் அந்த உயரம் கம்பியின் தொய்வு, அது பாதைக்கு மேலே இருக்கும். வளைவுப் பாலத்தில் அது வளைவின் எழுச்சி, பெரும்பாலும் பாதைக்குக் கீழே. கர்டர் பாலத்திலோ அது உத்திரத்தின் சொந்தத் தடிமன்தான்.

அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி ஆற்றின் அகலம் அல்ல. உயரத்துக்கு எங்கே இடம் இருக்கிறது? பக்கவாட்டு விசையை யார் தாங்கப் போகிறார்கள்? கம்பி இரண்டு கரைகளையும் உள்நோக்கி இழுக்கும். வளைவு இரண்டு கரைகளையும் வெளிநோக்கித் தள்ளும். உத்திரம் மட்டும் இழுக்காது, தள்ளாது, நேராகக் கீழே உட்காரும். அது தன் சண்டையைத் தன் உடம்புக்குள்ளேயே முடித்துக்கொள்கிறது, மேல்பாதி நசுங்கும், அடிப்பாதி இழுபடும்.

சரி, நம் ஓடைக்கு வருவோம். கரைக்குக் கரை 40 மீட்டர். கோடையில் பத்து மீட்டர் அகலத்தில் முழங்கால் தண்ணீர்தான் ஓடும். ரோட்டுப் பக்கக் கரை நல்ல பாறை. ஊர்ப்பக்கம் செம்மண்ணும் சரளையும், அதன் மேல் ரப்பர். வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் கரையோர ரப்பர் மரங்களைப் பார்த்தேன். கிளைப் பிரிவில் காய்ந்த புல்லும் தேங்காய் மட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையும் சிக்கிக்கொண்டு நின்றன. நாலைந்து மரத்தில் ஒரே மட்டத்தில் இருந்தது, கரையின் விளிம்புக்கு ஓர் அடி மேலே. அதுதான் நம் வெள்ளக்கோடு. ஓடையின் அடியிலிருந்து கரை விளிம்பு சுமார் 4 மீட்டர்.

முதலில் அண்ணாச்சியின் தொங்கு பாலம். ஆள் நடக்க 1.2 மீட்டர் அகலம் போதும் என்று வைப்போம். நடைபாதைக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ கூட்டம் என்று எடுப்பது வழக்கம். அப்படியானால் மீட்டருக்கு 480 கிலோ ஆட்கள், பலகையும் கம்பியும் குறுக்கு விட்டமும் ஏறக்குறைய 220 கிலோ, மொத்தம் 0.7 டன். wL²/8 கணக்கில் 140 டன்-மீட்டர் வருகிறது. கம்பிக்கு 4 மீட்டர் தொய்வு கொடுத்தால் கிடைமட்ட இழுவை 35 டன், இரண்டு பக்கமும் பிரித்தால் பக்கத்துக்கு 17.5 டன். கோபுரத்துக்குப் பக்கத்தில் கம்பி சாய்வாகப் போவதால் அங்கே 19 டன் வரும். மூன்று மடங்கு பாதுகாப்பு வைத்தால் 57 டன்னில் அறுகிற கம்பி வேண்டும். 32 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு வடம் ஒன்று ஏறக்குறைய அவ்வளவு தாங்கும். கட்டைவிரலை விடக் கொஞ்சம் தடித்த ஒரு வடம் பக்கத்துக்கு ஒன்று, அவ்வளவுதான் பாலம். நம் ஆட்களே தோளில் சுமந்து கொண்டுபோய்விடலாம். ஆற்றுக்குள் தூண் கிடையாது.

ஆனால் மிச்சம் பிடித்த எடையெல்லாம் மண்ணுக்குள் போய்விடும், அதை யாரும் பார்ப்பதில்லை. 17.5 டன் இழுவைக்கு ஒரு காங்கிரீட் கட்டி வழுக்காமல் நிற்க வேண்டும். மண்ணின் உராய்வு பாதி என்று எடுத்து, ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்து, கம்பி அதை மேலே தூக்கப் பார்ப்பதையும் சேர்த்தால் கட்டியின் எடை சுமார் 60 டன், அதாவது 25 கன மீட்டர் காங்கிரீட். மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஏறத்தாழ அதே ஆழம். அதுவும் ஒரு வடத்தின் ஒரு முனைக்கு மட்டும். ஊர்ப்பக்கச் செம்மண்ணில் இப்படி இரண்டு குழி. பாறைப் பக்கத்தில் துளை போட்டு நங்கூரக் கம்பியை இறக்கி இதில் பெரும்பகுதியைக் குறைக்கலாம். புனலூரிலும் கரையில் கிணறு மாதிரி தோண்டித்தான் சங்கிலிகளைக் கட்டியிருக்கிறார்கள். மேலே நிற்கும் கல் கோபுரத்தைப் படம் எடுக்கிறோம், பாலத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கிணறுகள்.

லாரிக்காரர் இங்கேதான் மடக்கினார். "நீங்க சொன்ன கணக்குல நாப்பது மீட்டருக்கு ஆளு மட்டும் பத்தொம்போது டன் வருது. எங்க லாரி மரத்தோட சேத்துப் பதினெட்டு டன்தான். அப்ப லாரியும் போகலாமே?"

நல்ல கேள்வி. தொங்கு பாலத்தின் மொத்த விவகாரமும் இதற்குள்தான் இருக்கிறது. 19 டன் ஆட்கள் என்றால் கிட்டத்தட்ட முந்நூறு பேர், பாலம் முழுக்கப் பரவி நிற்கிறார்கள். ஒன்றரை மீட்டருக்கு ஒரு குறுக்கு விட்டம் இருந்தால் ஒவ்வொரு விட்டத்துக்கும் வருவது ஒரு டன் சொச்சம், அதைத் தாங்கும் இரண்டு தொங்கு கம்பிகளுக்கும் அரை டன் அரை டன். லாரியின் பின் அச்சில் மட்டும் 10 டன் இருக்கும். அந்தப் பத்து டன்னும் ஒரே விட்டத்தின் மேல் ஏறும். வடம் அறுவதற்கு வெகு முன்பே அந்த விட்டமும் தொங்கு கம்பியும் போய்விடும்.

சரி, விட்டத்தைத் தடிமனாகப் போட்டால்? அப்போது அடுத்த சிக்கல். கம்பிக்குச் சொந்த வடிவம் கிடையாது, சுமை எப்படியோ அப்படி வளையும். சேலையைக் கொடியின் நடுவில் போட்டால் கொடி 'வி' மாதிரி ஆகிறது, ஓரத்துக்கு நகர்த்தினால் அந்தப் பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறுகிறது. பாலத்தில் லாரி கால்வாசி தூரத்தில் இருக்கும்போது முன்னால் உள்ள பாதை மேலே எழும்பும். இதைத் தடுக்கப் பாதைக்கு இருபுறமும் விறைப்பான இரும்புச் சட்டம் போட வேண்டும். 40 மீட்டருக்கு அந்தச் சட்டத்தைப் போட்டுவிட்டால் அதுவே கிட்டத்தட்ட ஒரு கர்டர் பாலம். அப்புறம் கம்பி எதற்கு?

அப்படியென்றால் தொங்கு பாலத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் லாரி ஓடுகிறதே, அது எப்படி? அங்கே பாதையின் சொந்த எடையே ஆயிரக்கணக்கான டன். அந்த எடை கம்பியை ஏற்கெனவே பிடித்து இறுக்கி வைத்திருக்கிறது, ஒரு லாரி அதன் வடிவத்தை அசைக்க முடியாது. சேலைகள் நிறையக் காயும் கொடியில் ஒரு கைக்குட்டை போடுவது போல. நீளம் கூடக் கூடத் தொங்கு பாலம் நிதானமாகிறது, குறையக் குறைய ஆடுகிறது. புனலூர் பாலத்தில் மரப்பலகைதான் தளம், அதனால் லேசு. பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் காலுக்கடியில் தெரியும். அந்த ஆட்டத்துக்குப் பயந்துதான் காட்டு மிருகங்கள் ஊருக்குள் வருவதில்லை என்றும், கட்டி முடித்ததும் மேலே யானைகளை நடக்கவிட்டு இன்ஜினியர் குடும்பத்தோடு அடியில் படகில் இருந்தார் என்றும் கதை சொல்வார்கள். கட்டும்போது வில்வண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் அது சரி. சரக்கு லாரிக்குப் பக்கத்தில் தூண் பாலம் வேண்டியதாயிற்று.

ரயிலுக்குத் தொங்கு பாலம் இன்னும் ஆகாது. நயாகராவில் 1855-இல் ரயில் போகிற ஒரு தொங்கு பாலம் கட்டினார்கள். ரயிலின் எடை கூடிக்கொண்டே போனதில் 1897-இல் அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் எஃகு வளைவுப் பாலம் போட்டார்கள். இன்றைக்கும் காஷ்மீரில் செனாப் பள்ளத்தாக்கை ரயில் தாண்டுவது 467 மீட்டர் எஃகு வளைவின் மேல்தான்.

தொங்கு பாலத்தில் பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. நான் வேலை பார்த்த இடம் ஒன்றில் வடத்தின் முனையை மடக்கிப் பிடிக்கும் கிளாம்புகளைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். அந்தக் கிளாம்பில் இரண்டு பாகம் உண்டு, வளைந்த யூ-போல்ட் ஒன்று, அகலமான அடிப்பாகம் ஒன்று. அகலமான பாகம் சுமை தாங்கும் வடத்தின் மேல் உட்கார வேண்டும், யூ-போல்ட் சும்மா மடங்கி வரும் வால் பக்கத்தைக் கடிக்க வேண்டும். மாற்றிப் போட்டால் யூ-போல்ட் சுமை வடத்தை நசுக்கி அதன் இழைகளை வெட்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். எங்களுக்கும் ஒரு வருடம் கழித்து, இழை ஒன்று முள் மாதிரி கையில் குத்தியபோதுதான் தெரிந்தது.

அதைவிட ஆபத்து, வடம் நங்கூரக் கட்டிக்குள் நுழையும் இடம். மண் மூடி ஈரம் தங்கும், வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்னும். குஜராத்தில் மோர்பி தொங்கு பாலம் 2022 அக்டோபரில் அறுந்து 135 பேர் செத்தார்கள். ஒரு வடத்தின் 49 கம்பிகளில் 22 அதற்கு முன்பே அரித்துப் போயிருந்தன என்று விசாரணைக் குழு சொன்னது. பழைய வடத்தை அப்படியே வைத்துக்கொண்டு தளத்தைப் புதிதாக்கியிருந்தார்கள். தொங்கு பாலம் போடுகிற ஊர் வருடத்துக்கு ஒருமுறை மண்ணை விலக்கி அந்த நுழைவாயைப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் போடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்து பையன் சொன்ன கண் பாலம். அவன்மேல் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு, ஏனென்றால் கழுதுருட்டிப் பாலத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். கல்லை நசுக்குவது கஷ்டம், இழுத்துப் பிரிப்பது சுலபம். வளைவு என்பது கல்லுக்கு நசுக்கல் மட்டும் வரும்படி செய்த வடிவம். தொங்கும் கம்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் வளைவு, அவ்வளவுதான். அதனால் கம்பிக்குள்ள அதே குறையும் உண்டு, ஓரிடத்தில் குவிந்த சுமை அதன் வடிவத்தைக் கெடுக்கப் பார்க்கும். ஆனால் கல் பாலத்தின் சொந்த எடை அவ்வளவு அதிகம் என்பதால் ரயில் எஞ்சினே அதற்குக் கைக்குட்டைதான். மீட்டர் கேஜ் காலத்துப் பாலத்தைப் பலப்படுத்தி, 2018 முதல் பிராட் கேஜ் ரயிலையும் அதன் மேலேயே விட்டார்கள்.

ஆனால் கழுதுருட்டியில் கண்களின் அளவைப் பாருங்கள். அது ஒரே பெரிய வளைவு அல்ல, பதின்மூன்று சின்ன வளைவுகள். பள்ளம் ஆழமானது, அதனால் உயரத்துக்கு இடம் உண்டு. அடியில் ஓடுவது சின்ன ஓடை, அதனால் தூண் வைக்கத் தடையில்லை. ஒரு கண் வலப்பக்கம் தள்ளுவதை அடுத்த கண் இடப்பக்கம் தள்ளிச் சமன் செய்துவிடுகிறது. இரண்டு கடைசி முனைகள்தான் மலைமேல் சாய்கின்றன, மலை அசையாது. இடம் அந்தப் பாலத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறது.

நம் ஓடையில் அப்படி இல்லை. 40 மீட்டரை ஒரே வளைவில் தாண்டுவதென்றால் ஐந்தில் ஒரு பங்கு, 8 மீட்டர் எழுச்சி வைப்பது நல்லது. நம் கரையே 4 மீட்டர்தான். வளைவின் உச்சியில் பாதை போனால் ஊரிலிருந்து ஒரு மாடி ஏறி இறங்க வேண்டும். எழுச்சியை 4 மீட்டராகக் குறைத்தால்? காங்கிரீட் வளைவும் பாதையும் சேர்ந்து மீட்டருக்கு 8 டன் என்று எடுத்தால் 1,600 டன்-மீட்டர், 4-ஆல் வகுத்தால் 400 டன் தள்ளல். ரோட்டுப் பக்கப் பாறை அதைத் தாங்கும், கேட்காமலே தாங்கும். ஊர்ப்பக்கச் செம்மண் மழையில் ஊறும்போது 400 டன்னுக்கு மெல்ல நகரும். பாதி வளைவை ஒரு சாய்ந்த குச்சியாக நினைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கரைகளுக்கு இடையே இடைவெளி 2 சென்டிமீட்டர் விரிந்தால் 4 மீட்டர் எழுச்சியுள்ள வளைவின் உச்சி 5 சென்டிமீட்டர் இறங்கும். 8 மீட்டர் எழுச்சியாக இருந்தால் அதில் பாதிதான் இறங்கும். தட்டையான வளைவு மன்னிக்காது. அது நகர்வதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், உச்சியின் அடிப்பக்கத்தில் குறுக்காக ஒரு விரிசல் திறக்கும், கைப்பிடிச் சுவரின் மேல்கோடு நடுவில் தொய்ந்து தெரியும்.

வளைவின் இரண்டு முனைகளையும் பாதை மட்டத்தில் ஒரு கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டால் கரையைத் தள்ளாது. வில்லும் நாணும் மாதிரி. ராஜமுந்திரியில் கோதாவரியின் மேல் 1997-இல் திறந்த ரயில் பாலம் அப்படித்தான், ஒவ்வொன்றும் 97 மீட்டர் சொச்சம் உள்ள 28 வில்கள். ஆற்று மண்ணில் பாறையைத் தேடவேண்டிய அவசியம் அதற்கு இல்லை, தூண்கள் எடையை மட்டும் தாங்கினால் போதும். நம் 40 மீட்டருக்கும் ஒரு வில் போடலாம், தடையில்லை. ஆனால் வளைவு பாதைக்கு மேலே நிற்கும். அதைக் கட்டி முடிக்கும்வரை தாங்க ஓடைக்குள் சாரம் வேண்டும், ஒரு மழையில்லாக் காலத்துக்குள் முடித்தாக வேண்டும். பெரிய வேலைக்குரிய ஆளும் பணமும் உள்ள இடத்துக்குத்தான் அது. பையனுக்கு ஏமாற்றம்தான்.

மிச்சம் லாரிக்காரரின் கர்டர் பாலம். ஒரு வண்டி போகும் அகலத்தில் 40 மீட்டரை ஒரே உத்திரத்தில் தாண்டுவதென்றால் தளமும் உத்திரமும் மீட்டருக்கு 6 டன் வரும். தன் எடைக்கே 1,200 டன்-மீட்டர். லாரி நடுவில் நின்றால் அதற்கு 180. அதாவது பாலம் தன்னைத்தானே சுமப்பதில்தான் பெரும்பாடு படுகிறது. ஆற்றின் நடுவில் ஒரே ஒரு தூண் வைத்து இருபது இருபதாகப் பிரித்துவிட்டால் உத்திரம் மெலிந்து மீட்டருக்கு 4.5 டன் ஆகும், தன் எடைக்கு 225, லாரிக்கு 90. ஆயிரத்து முந்நூற்று எண்பது இருந்த இடத்தில் முந்நூற்றுப் பதினைந்து. நீளத்தைப் பாதியாக்குவதில் இவ்வளவு லாபம் இருப்பதால்தான் எல்லா ஊரிலும் தூண் பாலமாகவே கண்ணில் படுகிறது. சாதாரணக் காங்கிரீட் உத்திரம் 25 மீட்டர் வரை சிக்கனம். அதற்கு மேல் நாற்பது, நாற்பத்தைந்து வரை உள்ளே கம்பியை இழுத்து முறுக்கி வைத்த ப்ரீஸ்ட்ரெஸ்டு உத்திரம், அதைத் தூக்கி வைக்க பெரிய கிரேன். அந்தக் கிரேன் நம் தோட்டத்து வளைவில் திரும்பாது.

20 மீட்டர் உத்திரத்துக்குத் தளத்தோடு சேர்த்து 1.6 மீட்டர் தடிமன் வேண்டும். நான் முதலில் சொன்ன 'உயரம்' இங்கே வந்து நிற்கிறது. வெள்ளக்கோட்டுக்கும் உத்திரத்தின் அடிக்கும் இடையே மரமும் மட்டையும் போக 0.9 மீட்டர் விட வேண்டும். அப்படியென்றால் பாதை வெள்ளக்கோட்டுக்கு இரண்டரை மீட்டர் மேலே. ஊர்ப்பக்கம் ஒன்றுக்கு இருபது சரிவில் இறங்க 55 மீட்டருக்கு மேல் மண் நிரப்பி ரோடு போட வேண்டும். யாருடைய ரப்பர் போகும் என்ற பேச்சு அங்கே ஆரம்பிக்கும். எஸ்டிமேட்டில் முக்கால்வாசிப் பேர் மறக்கும் வரி இதுதான்.

உத்திரம் உட்காரும் இடத்தில் ஒரு ரப்பர் மெத்தை வைப்பார்கள். நம் தோட்டத்து ரப்பர் அல்ல, செயற்கை நியோப்ரீன். வெயிலில் 20 மீட்டர் காங்கிரீட் ஐந்தாறு மில்லிமீட்டர் நீளும், மெத்தை அதற்கு வளைந்து கொடுக்கும். ரோட்டுக்குத் தார் போடும்போது இரண்டு உத்திரங்களுக்கு இடையே உள்ள இடைவெளியையும் சேர்த்து மூடிவிட்டுப் போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நீள வழியில்லாமல் முனைக் காங்கிரீட் பெயர்ந்து விழும்.

உத்திரத்தை விட எனக்குப் பயம் அந்த ஒற்றைத் தூண்தான். வெள்ளத்தில் தண்ணீர் தூணில் மோதிச் சுழன்று அடியில் தோண்டும். மழை குறையும்போது அந்தக் குழியை மணலே திரும்ப நிரப்பிவிடும். ஜனவரியில் போய்ப் பார்க்கிறவருக்குத் தூண் நன்றாக நிற்பது போலத்தான் தெரியும். கடப்பாரையை தூணை ஒட்டிக் குத்திப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பழைய படுகை கடப்பாரையைத் திருப்பி அனுப்பும், புதிதாக நிரம்பிய மணலில் சர்ரென்று இறங்கும். தூண் பாலங்கள் பெரும்பாலும் மேலே சுமை கூடி விழுவதில்லை, கீழே மண் போய் விழுகின்றன.

நம் ஓடையில் அதற்கு ஒரு வழி இருக்கிற மாதிரி தெரிகிறது. கோடையில் நடுவாக்கில் ஒரு பாறைத் திட்டு தலை காட்டும், பெண்கள் துணி துவைக்கும் கல். அது மலையோடு ஒன்றாக இறங்கும் பாறையாக இருந்தால் அதில் குறைந்தது 0.6 மீட்டர் வெட்டி இறக்கித் தூணை எழுப்பலாம். அரிப்புப் பயம் தீர்ந்தது. இருபது இருபதாக கர்டர் பாலம், லாரியும் ஜீப்பும் ஆம்புலன்ஸும் போகும். என் ஓட்டு அதற்குத்தான், மூவரில் லாரிக்காரர் ஜெயித்தார். அது எப்போதோ மலையிலிருந்து உருண்டு வந்து மண்ணில் புதைந்த உருண்டைக் கல்லாக இருந்தால் கதை வேறு. அப்போது அண்ணாச்சியின் தொங்கு பாலத்தை ஆட்களுக்கு மட்டும் போட்டுக்கொண்டு, வண்டிக்குச் சப்பாத்தை உயர்த்துவதுதான் நியாயம். ஆனால் வாசலில் இரண்டு இரும்புக் குழாயை நட்டுவிட வேண்டும், ஆட்டோ நுழைய முடியாதபடி. இடமிருந்தால் யாராவது ஒருநாள் நுழைப்பார்கள்.

ஆக, துளை போடும் மிஷினுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறோம். இரண்டு கரையிலும் ஒவ்வொரு துளை, நடுத்திட்டில் ஒன்று. பாறையிலிருந்து விடாமல் ஐந்து மீட்டருக்குத் தண்டு வெளியே வந்தால் நம்பலாம், நடுவில் மண் வந்தால் அது உருண்டை. ஐப்பசி மழையான துலாவர்ஷம் முடிந்து தண்ணீர் இறங்கியதும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணாச்சிக்கு அதுவரை பொறுக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப்போய் துவைக்கிற கல்லைக் கடப்பாரையால் ஓங்கித் தட்டினார். கணீரென்று கேட்டது. "பாறைதான் தம்பி, சத்தத்தைக் கேளும்" என்றார். உருண்டைக் கல்லும் அப்படித்தான் கணீரென்று கேட்கும், அண்ணாச்சி என்றேன்.